குறைத்துச் சொன்னாலும் தப்புக் கணக்குதான்

1931 ஜூலையில் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் தலைவரும் அதன் ஆடிட்டரும் குற்றவாளிக் கூண்டில் ஒன்றாக நின்றார்கள். தலைவர் லார்டு கில்சன்ட். ஆடிட்டர் ஹரால்டு மோர்லண்ட், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் பங்குதாரர். கம்பெனியின் பெயர் ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட். டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் லைனை 1927-இல் விலைக்கு வாங்கியது இந்தக் கம்பெனிதான்.

கம்பெனி 1926, 1927 ஆண்டுகளுக்கு லாபம் காட்டியிருந்தது. உண்மையில் கப்பல் ஓட்டி அது சம்பாதித்தது ஒன்றுமில்லை, நட்டம்தான். அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? யாரும் பொய் ரசீது போடவில்லை, இல்லாத வாடிக்கையாளரை உண்டாக்கவும் இல்லை. முதல் உலகப்போரின்போது கப்பல் கம்பெனிகளுக்குப் பணம் கொட்டியது. அரசாங்கம் அதன்மேல் மிகைலாப வரி போட்டது. வரி எவ்வளவு வரும் என்று அப்போது தெரியாததால் கம்பெனி தாராளமாகவே எடுத்து வைத்தது. பிறகு பார்த்தால் அவ்வளவு தேவைப்படவில்லை. மிஞ்சிய தொகை யார் கண்ணுக்கும் படாமல் புத்தகத்துக்குள் கிடந்தது. 1920-களில் கப்பல் தொழில் படுத்ததும், அதிலிருந்து வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து லாபக் கணக்கில் சேர்த்தார்கள். வெளியே தெரிந்ததெல்லாம் “வரி ஒதுக்கீட்டுச் சரிக்கட்டல் உட்பட” என்ற பொருள்படும் நாலு வார்த்தைகள்தான். அதைச் சேர்க்கச் சொன்னவர் ஆடிட்டர். அந்த வார்த்தைகள்தான் பிற்பாடு அவரைக் காப்பாற்றின.

வழக்கில் சாட்சி சொன்ன மூத்த கணக்காளர்கள், நல்ல கம்பெனிகளே இப்படிச் செய்வது வழக்கம்தான் என்றார்கள். கெட்ட காலத்துக்கு ஒளித்து வைப்பது அந்நாளில் நிர்வாகத் திறமையாகவே எண்ணப்பட்டது. ஆண்டுக் கணக்கு பற்றிய குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுதலையானார்கள். கில்சன்ட் மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில். 1928-இல் பொதுமக்களிடம் கடன்பத்திரம் விற்க வெளியிட்ட அறிக்கையில், கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி லாபத்தைப் போட்டிருந்தார். சராசரி சரிதான். ஆனால் லாபம் எல்லாம் முதல் சில ஆண்டுகளில், நட்டம் எல்லாம் கடைசி ஆண்டுகளில். அந்த வரிசையைச் சராசரி மறைத்துவிட்டது. அதற்காகப் பன்னிரண்டு மாதச் சிறை.

இந்த வழக்கை நான் முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கணக்கில் மோசடி என்றாலே லாபத்தை ஊதிக் காட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். குறைத்துக் காட்டுகிறவரை யாரும் சந்தேகிப்பதில்லை. “ஜாக்கிரதையான மனுஷன்” என்று பாராட்டுகிறோம். ஆனால் ராயல் மெயில் பங்குதாரரை ஏமாற்றிய ஊதிய லாபம், அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் யாரோ மிக ஜாக்கிரதையாகக் குறைத்து எழுதிய லாபத்திலிருந்து வந்தது.

முன்னெச்சரிக்கை என்ற கொள்கை கணக்கியலில் நுழைந்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கணக்கை எழுதுகிறவர் கம்பெனி நடத்துகிறவர். அவருக்குத் தன் தொழில்மேல் நம்பிக்கை அதிகம். வராத பணம் வந்துவிடும் என்பார், விற்காத சரக்கு விற்றுவிடும் என்பார். அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கோ நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்தி முக்கியம். கம்பெனி இரண்டு மடங்கு சம்பாதித்தாலும் வங்கிக்கு அதே வட்டிதான், கம்பெனி முழுகினால் அசலே போய்விடும். ஆகவே, வரப்போகும் லாபத்தை எண்ணாதே, வரக்கூடிய நட்டத்தை இப்போதே எழுது என்று ஒரு மரபு வேரூன்றியது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் எல்லாரும் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

சிக்கல் எங்கே என்பதைப் பார்க்க ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறது. இந்த ஆண்டுதான் தொடங்கியது, 10,000 பம்பு விற்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருட வாரண்டி. பம்பு பழுதாகி வந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அந்தச் செலவு அடுத்த ஆண்டு வரும், ஆனால் விற்பனை இந்த ஆண்டு நடந்துவிட்டது. ஆகவே அடுத்த ஆண்டு வரப்போகும் செலவை இந்த ஆண்டே மதிப்பிட்டு எடுத்து வைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஒதுக்கீடு. தனி டப்பாவில் பணம் போடுவதல்ல இது. இந்த ஆண்டின் லாபத்தில் கழித்து, ஐந்தொகையில் பொறுப்பாகக் காட்டுகிற ஒரு பதிவு.

எவ்வளவு ஒதுக்குவது? இதே மாதிரி பம்புகளின் பழைய பழுது விவரம் முதலாளியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பம்பு விற்றால் 92 திரும்பி வருவதில்லை. 6 பம்புகளுக்குச் சில்லறை ரிப்பேர், ஒன்றுக்கு 500 ரூபாய். 2 பம்புகளுக்குக் காயில் எரிந்துபோய் ரீவைண்டிங், ஒன்றுக்கு 4,000 ரூபாய். ஆக 100 பம்புக்கு 3,000-மும் 8,000-மும் சேர்ந்து 11,000 ரூபாய். பம்பு ஒன்றுக்கு 110. பத்தாயிரம் பம்புக்கு 11 லட்சம். மேலேயும் சாயாமல் கீழேயும் சாயாமல் கிடைக்கிற மதிப்பீடு இது. உண்மையில் 10 லட்சமும் ஆகலாம், 12 லட்சமும் ஆகலாம். ஆனால் எந்தப் பக்கம் தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடுநிலை என்பதற்குக் கணக்கியலில் அர்த்தம் இவ்வளவுதான். மதிப்பீடு துல்லியமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தவறினால் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறக்கூடாது.

நம் முதலாளி ஜாக்கிரதைக்காரர். “எதற்கும் இருக்கட்டும்” என்று 20 லட்சம் ஒதுக்குகிறார். ஆடிட்டரும் தலையசைக்கிறார். ஒதுக்கீட்டுக்கு முந்தைய லாபம் 60 லட்சம், ஒதுக்கிய பிறகு 40 லட்சம். சரியாக ஒதுக்கியிருந்தால் 49 லட்சம் வந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு வியாபாரம் சுமார். விற்பனை அதே 10,000 பம்பு, ஆனால் செம்பு விலை ஏறியதால் ஒதுக்கீட்டுக்கு முந்தைய லாபம் 50 லட்சமாக இறங்கிவிட்டது. போன ஆண்டு விற்ற பம்புகளுக்கு 11 லட்சம் செலவானது, ஒதுக்கிய 20-இல் 9 லட்சம் மிச்சம். வாரண்டிக் காலம் முடிந்துவிட்டதால் அந்த 9 லட்சத்தை வைத்திருக்க முகாந்திரமில்லை. லாபத்தில் சேர்த்தாக வேண்டும், கணக்காளர்கள் இதை ரைட் பேக் என்பார்கள். இந்த ஆண்டு விற்ற பம்புகளுக்கு முதலாளி, “அனுபவம் வந்துவிட்டது, சரியாகவே போடுவோம்” என்று 11 லட்சம் ஒதுக்குகிறார். 50-இல் 11 போய், 9 கூடி, லாபம் 48 லட்சம்.

இப்போது வெளியில் இருப்பவர் பார்ப்பது என்ன? 40 லட்சத்திலிருந்து 48 லட்சம். இருபது சதவீத வளர்ச்சி. நடந்தது என்ன? 49-இலிருந்து 39. இருபது சதவீத வீழ்ச்சி. இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் இரண்டு கணக்கிலும் 88 லட்சம்தான். ஒரு ரூபாய்கூட எங்கும் போகவில்லை. முதல் ஆண்டின் லாபம் ஒன்பது லட்சம் இரண்டாம் ஆண்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடமாற்றம் இறங்குமுகத்தை ஏறுமுகமாக்கிவிட்டது.

“ஜாக்கிரதையால் யாருக்கு நட்டம்?” என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. முதல் ஆண்டு முடிவில் தன் பங்கை விற்றுவிட்டு விலகிய தம்பிக்கு 40 லட்ச லாபத்தை வைத்து விலை பேசியிருப்பார்கள். போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த தொழிலாளர்களுக்கும் அதே 40-ஐத்தான் காட்டியிருப்பார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 48-ஐப் பார்த்துப் பங்கு வாங்கியவர், ஏறும் கம்பெனி என்று நம்பி இறங்கும் கம்பெனியை வாங்கியிருப்பார். முன்னெச்சரிக்கை வங்கிக்குப் பாதுகாப்பு என்கிறோமே, இரண்டாம் ஆண்டுக் கணக்கைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கியும் ஏமாந்த பட்டியலில்தான்.

இதில் முதலாளியின் மனசு கெட்டது என்றுகூட நாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் கொஞ்சமும் மாறாமல் ஒவ்வோர் ஆண்டும் பம்புக்கு 200 ரூபாய் வீதமே ஒதுக்குகிறார் என்று கொள்வோம். விற்பனை மாறாதவரை, புதிதாக ஒதுக்கும் 20 லட்சத்தில் பழைய மிச்சம் 9 லட்சம் கழிந்து, லாபத்தில் சரியாக 11 லட்சமே குறையும். லாபக் கணக்கு பழுதில்லை, ஐந்தொகையில் மட்டும் 9 லட்சம் பொறுப்பு கூடுதலாக நிற்கும். பாதகமில்லை போலத் தோன்றும். ஒரு வருடம் மழை பொய்த்தோ போட்டி வந்தோ விற்பனை பாதியாகிறது. 5,000 பம்புக்கு 10 லட்சம் ஒதுக்குகிறார். போன ஆண்டின் மிச்சம் 9 லட்சம் வந்து சேர்கிறது. அந்த ஆண்டின் வாரண்டிச் செலவு வெறும் 1 லட்சமாகத் தெரியும். உண்மையில் அது ஐந்தரை லட்சம். விற்பனை சரிந்த வருடத்தில் லாபம் நாலரை லட்சம் கூடுதலாகத் தெரிகிறது. யாரும் கணக்கைத் தொடவில்லை, விதியை மாற்றவில்லை. நல்ல வருடத்தைக் கெட்டதாகவும் கெட்ட வருடத்தை நல்லதாகவும் காட்டுவது நிரந்தர மிகை ஒதுக்கீட்டின் இயல்பு, அது தானாகவே நடக்கும்.

மிகை எப்படிச் சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேர் வருவார்கள் என்று கணக்கிட்ட பெண் வீட்டார் அறுநூறு என்பார்கள், பெரியப்பா அதற்குமேல் ஐம்பது சேர்ப்பார், சமையல்காரர் தன் பங்குக்கு அரிசியைக் கூட்டிப் போடுவார். அலுவலகத்திலும் இப்படியே. சர்வீஸ் எஞ்சினியர் 11 லட்சம் என்று கணக்கிட்டுவிட்டு, குறைந்துபோனால் தன்னைக் கேட்பார்கள் என்று இருபது சதவீதம் கூட்டி 13.2 லட்சம் என்று எழுதுகிறார். மேனேஜர் அதுதான் நேர் மதிப்பீடு என்று நம்பி, தன் ஜாக்கிரதைக்கு இன்னோர் இருபது சதவீதம் சேர்க்கிறார், 15.84 ஆகிறது. கணக்குப் பிரிவில் பத்து சதவீதம். கடைசியில் சுமார் 17.4 லட்சம். ஒவ்வொருவரும் செய்தது மிதமான காரியம். மொத்தத்தில் மதிப்பீடு ஏறக்குறைய அறுபது சதவீதம் வீங்கிவிட்டது, அது வீங்கியது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒதுக்கீடுகளுக்கான இந்திய விதி, இண்ட் ஏ.எஸ். 37, இந்த இடத்தைக் குறிப்பாகவே பிடிக்கிறது. நிச்சயமின்மைக்காக ஒருமுறை சேர்த்ததை மறுமுறை சேர்க்காதீர்கள் என்கிறது. நிச்சயமில்லை என்பதைக் காரணம் காட்டி அளவுக்கு மீறி ஒதுக்கக்கூடாது என்றும் சொல்கிறது.

விதி எழுதுகிறவர்களுக்கே இந்த விஷயத்தில் நீண்டகாலம் தடுமாற்றம் இருந்தது. சர்வதேசக் கணக்கியல் தரக்குழு 1989-இல் வெளியிட்ட அடிப்படைச் சட்டகத்தில் நடுநிலையும் இருந்தது, முன்னெச்சரிக்கையும் இருந்தது. ஒன்றோடொன்று மோதும் என்று 2010-இல் புதிய வாரியம் முன்னெச்சரிக்கையை நீக்கிவிட்டது. நேரம் சரியில்லை. 2008-இன் வங்கிச் சரிவு அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. வங்கிகள் வாராக்கடனுக்குப் போதுமான அளவு, போதுமான சீக்கிரத்தில் ஒதுக்கவில்லை என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கிரதையைத் தூக்கியெறிந்துவிட்டார்கள் என்ற கோபம் ஐரோப்பாவில், முக்கியமாக பிரிட்டனில், பலமாக எழுந்தது. கடைசியில் 2018-இல் அந்தச் சொல் திரும்பி வந்தது, ஆனால் பழைய அர்த்தத்தோடு வரவில்லை. நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுக்கும்போது காட்டும் கவனம்தான் முன்னெச்சரிக்கை என்று வரையறுத்தார்கள். சொத்தையும் வருமானத்தையும் ஊதக்கூடாது, அதே மூச்சில், சுருக்கவும் கூடாது. இன்று சுருக்கினால் நாளை ஊதிவிடும் என்ற காரணத்தையும் சட்டகமே சொல்கிறது. பம்புக் கம்பெனியின் 9 லட்சம் செய்த வேலை அதுதானே.

நம்மூர்ப் பழைய விதியைப் பாருங்கள். சிறிய கம்பெனிகள் இன்றும் பின்பற்றும் ஏ.எஸ். 1 முன்னெச்சரிக்கையை வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. தெரிந்த எல்லாப் பொறுப்புக்கும் நட்டத்துக்கும், தொகை நிச்சயமாகத் தெரியாவிட்டாலும், ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு? கையிலுள்ள தகவலை வைத்துச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மதிப்பீடு. சிறந்த மதிப்பீடு என்றுதான் இருக்கிறது, மிகப் பெரிய மதிப்பீடு என்று இல்லை. வழக்கத்தில் நாம்தான் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டோம்.

மிகை ஒதுக்கீட்டை எப்போதும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற ஒருவர் உண்டென்றால் அவர் வருமான வரி அதிகாரி. அவருக்கு இது தத்துவம் அல்ல, 9 லட்சத்தை ஒதுக்கினால் அதற்கான வரி ஓராண்டு தள்ளிப்போகிறது. இதைப் பற்றிய இந்தியாவின் முக்கியமான தீர்ப்பு சென்னைக் கம்பெனி ஒன்றின் வழக்கில் வந்தது. ரோட்டார்க் கண்ட்ரோல்ஸ் இந்தியா என்ற கம்பெனி, குழாய் வால்வுகளைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் என்ற கருவியைச் செய்து வாரண்டியோடு விற்றது. 1991-92 மதிப்பீட்டு ஆண்டுக்கு விற்பனையில் ஒன்றரை சதவீதம் என்று 10,18,800 ரூபாய் ஒதுக்கியது. மிகையென்று 5,00,246 ரூபாயைத் திருப்பி எழுதி, மீதி 5,18,554 ரூபாயை மட்டும் செலவாகக் கழிக்கக் கேட்டது. துறை மறுத்தது, சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சொன்ன காரணம்தான் நமக்கு வேண்டியது. ஏராளமாக விற்கும் நுட்பமான கருவியில் ஒவ்வோர் ஆண்டும் சில பழுதாகி வருகின்றன என்று பழைய விவரம் காட்டுகிறது. எது பழுதாகும் என்று தெரியாவிட்டாலும் சில ஆகும் என்பது தெரியும். விற்றபோதே கடமை பிறந்துவிட்டது. மதிப்பீடு வரலாற்றை ஒட்டி, முறையாகச் செய்யப்பட வேண்டும், அனுபவத்துக்கு ஏற்றபடி ஒதுக்கீட்டைத் திருத்த வேண்டும், மிஞ்சினால் திருப்பி எழுத வேண்டும். நீதிமன்றம் முதலாளியின் ஜாக்கிரதை உணர்வுக்கு மரியாதை தரவில்லை, பழுதுப் பதிவேட்டுக்குத் தந்தது. அந்தக் கம்பெனி பாதியைத் திருப்பி எழுதியதை வைத்து அது ஒருபக்கச் சாய்வு என்றும் சொல்லிவிட முடியாது. ஓராண்டு மதிப்பீடு தவறுவது எவருக்கும் நடக்கும்.

அரசு இதற்குப் பிறகு வேறு வழியில் போனது. 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த வருமானக் கணக்கீட்டுத் தரங்களில், எதிர்பார்க்கும் நட்டத்தை முன்கூட்டி எழுதும் பொதுச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கொடுக்க வேண்டியதை எழுத முன்பு ‘நடக்க வாய்ப்பு அதிகம்’ என்றால் போதும், இப்போது ‘நியாயமான நிச்சயம்’ வேண்டும். வரக்கூடியதை எழுதவும் அதே ‘நியாயமான நிச்சயம்’. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல். வரித்துறை நடுநிலைக்குத் தொண்டு செய்ய எண்ணி இதைச் செய்திருக்காது, கஜானாதான் அதன் கவலை. ஆனாலும் நடுநிலை என்றால் எழுத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு மாதிரி.

பங்குதாரருக்கான கணக்கில் இவ்வளவு சமத்துவம் இல்லை, அது தவறும் இல்லை. ஒரு வழக்கில் கம்பெனி தோற்க வாய்ப்பு பாதிக்குமேல் என்றால் தொகையை ஒதுக்க வேண்டும், அதே கம்பெனி வேறொரு வழக்கில் ஜெயிக்கும் போலிருந்தால் ஏறக்குறைய உறுதியாகும்வரை வருமானமாக எழுதக்கூடாது. சரக்கின் விலை வாங்கிய விலைக்குக் கீழே போனால் உடனே குறைத்து எழுத வேண்டும், மேலே போனால் விற்கும்வரை காத்திருக்க வேண்டும். எப்போது எழுதுவது என்பதில் உள்ள இந்தச் சாய்வு எல்லாருக்கும் தெரிந்த விதி. படிக்கிறவர் அதை மனதில் வைத்தே படிக்கிறார். கெட்ட செய்தி வந்தால்தான் அது வேலை செய்யும், செய்தி இல்லாதபோது சும்மா இருக்கும். எவ்வளவு எழுதுவது என்பதில் உள்ள சாய்வு வேறு ஜாதி. அது செய்தி வந்தாலும் வராவிட்டாலும் வெட்டிக்கொண்டே இருக்கும், எத்தனை வெட்டியது என்பது முதலாளிக்கும் மேனேஜருக்கும் மட்டுமே தெரியும், சில சமயம் அவர்களுக்கும் தெரியாது.

ஆடிட்டர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இந்த இடத்தில்தான். ஒதுக்கீடு குறைவாக இருந்தால் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள், ஆதாரம் கேட்கிறார்கள். கூடுதலாக இருந்தால் பேனா நகர்ந்துவிடுகிறது. குறைத்து ஒதுக்கிய கம்பெனி திவாலானால் வழக்கு வரும், கூட்டி ஒதுக்கியதால் வழக்கு வருவது அபூர்வம். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் அமெரிக்காவின் வீட்டுக்கடன் நிறுவனமான ஃபிரெடி மேக் 2003-இல் தன் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, முந்தைய சில ஆண்டுகளின் லாபத்தை மொத்தமாகச் சுமார் 500 கோடி டாலர் குறைத்துக் காட்டியிருந்தது வெளிவந்தது. வருஷாவருஷம் சீராக வளரும் கம்பெனி என்ற தோற்றத்துக்காக அதிகப்படி லாபத்தைப் பின்னாலைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கண்காணிப்பு அமைப்பு 12.5 கோடி டாலர் அபராதம் போட்டது. தலைமை நிர்வாகிகள் வேலை இழந்தார்கள். லாபத்தைக் குறைத்துச் சொன்ன குற்றத்துக்கு.

சாதாரண முதலீட்டாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1920-களில் ராயல் மெயில் பங்கு வைத்திருந்தவருக்கு வழியே இருக்கவில்லை. பிரிட்டனில் 1947 கம்பெனிச் சட்டம் வந்தபிறகுதான் இருப்புகளையும் ஒதுக்கீடுகளையும் பிரித்து வெளியிட வேண்டிய கட்டாயம் வந்தது. நமக்கு வழி உண்டு. இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் கம்பெனியின் ஆண்டறிக்கையில், கணக்குகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில், ஒதுக்கீடுகள் என்ற தலைப்பில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, புதிதாக எவ்வளவு சேர்த்தார்கள், எவ்வளவு உண்மையில் செலவானது, செலவாகாமல் எவ்வளவு திருப்பி எழுதினார்கள், முடிவில் எவ்வளவு மிச்சம். ஒவ்வொரு வகை ஒதுக்கீட்டுக்கும் ஐந்தாறு வரிகள். பளபளப்பான படங்களும் தலைவர் உரையும் உள்ள பக்கங்களைத் தாண்டி யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

அதில் பார்க்க வேண்டியது நாலாவது வரி, திருப்பி எழுதிய தொகை. ஓராண்டுக்கு மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளை எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். நடுநிலையாக மதிப்பிடும் கம்பெனிக்குச் சில ஆண்டு மிஞ்சும், சில ஆண்டு பற்றாமல் போகும். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் மிஞ்சிக்கொண்டே இருந்தால், அதுவும் ஒதுக்கியதில் கணிசமான பங்கு மிஞ்சினால், மதிப்பீடு சாய்ந்திருக்கிறது. அதோடு அந்தத் தொகையை லாபத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருப்பி எழுதியதைக் கழித்தால் இந்த ஆண்டு லாபம் போன ஆண்டைவிடக் குறைகிறதா? லாபம் சரியும் ஆண்டுகளில் மட்டும் இந்த வரி பெருக்கிறதா? ஆம் என்றால் நீங்கள் பார்ப்பது வளர்ச்சி அல்ல, பழைய லாபம்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. வாரண்டி போல ஆயிரக்கணக்கில் நடக்கிற சிறு விஷயங்களுக்குத்தான் இது சரியாகப் பொருந்தும். ஒரே ஒரு பெரிய வழக்குக்கு ஒதுக்கிய 50 கோடி, வழக்கு ஜெயித்ததால் திரும்பி வந்தால் அதில் சாய்வு எதையும் படிக்க முடியாது. காசு ஒருமுறை தலை விழுந்ததை வைத்து அது கள்ளக்காசு என்று சொல்ல முடியாதல்லவா. தவிர, வழக்கில் எதிராளிக்குச் சாதகமாகிவிடும் என்றால் மிக அபூர்வமாகச் சில விவரங்களை வெளியிடாமல் இருக்கவும் விதி இடம் தருகிறது.

உங்களிடம் பங்கு இருக்கிறதென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கூட்டம் இப்போது பெரும்பாலும் கணினித் திரையிலேயே நடக்கிறது. “கடந்த ஐந்து ஆண்டுகளில் வாரண்டி ஒதுக்கீட்டில் எத்தனை சதவீதம் செலவானது, எத்தனை சதவீதம் திரும்பி எழுதப்பட்டது?” என்று கேளுங்கள். “நாங்கள் எப்போதும் ஜாக்கிரதையாகவே மதிப்பிடுகிறோம்” என்று பதில் வந்தால் விடாதீர்கள், அந்த இரண்டு எண்களையும் மறுபடி கேளுங்கள்.